ஒன்றரை மணி நேரத்துக்காக ஒரு வழக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே டெராங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் பால்பண்ணைகள். 2010-ன் தொடக்கத்தில் அந்த ஊர் ஹார்டுவேர் கடையில் பள்ளி விட்டதும் வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சில மாணவர்களுக்கு வேலை போனது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கடைக்கு நஷ்டமும் இல்லை. மாலை 4 மணிக்கு வருவார்கள், 5.30-க்குக் கடை மூடும். ஆக, அவர்களால் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதியோ, சில்லறைக் கடையில் யாரை வேலைக்கு அழைத்தாலும் குறைந்தது 3 மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது.

பகுதிநேரத் தொழிலாளியைப் பாதுகாக்க வந்த விதி பகுதிநேரத் தொழிலாளியின் வேலையையே பறித்தது என்று பத்திரிகைகள் எழுதின. எதிர்க்கட்சிக்கு நல்ல ஆயுதம் கிடைத்தது. விதியைக் கொண்டுவந்தவர்களும் தடுமாறினார்கள். சில பிள்ளைகளின் கைச்செலவுப் பணம் பற்றிய விஷயம் தீர்ப்பாயம், மேல்முறையீடு, நீதிமன்றம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. குறைந்தபட்ச ஷிப்ட் நேரம் என்ற ஏற்பாடு எதற்காக, அதன் எண் எங்கிருந்து வருகிறது, எங்கே அது தவறிப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தொழில்துறைக்கும் ‘அவார்ட்’ என்ற ஆணை உண்டு. பெயரைப் பார்த்துப் பரிசு என்று நினைக்க வேண்டாம். அந்தத் துறையில் யாருக்கு மணிக்கு எவ்வளவு சம்பளம், வார இறுதியில் எவ்வளவு கூடுதல், உணவு இடைவேளை எப்போது என்பதையெல்லாம் வகுத்து, சட்டத்தைப் போலவே முதலாளியைக் கட்டுப்படுத்தும் ஆவணம் அது. 2010-க்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம், துறைக்குத் துறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவார்டுகள் இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து 122 ஆகச் சுருக்கினார்கள். வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறாக இருந்த எண்களுக்குப் பதில் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சில்லறை வணிகத்துக்கு 3 மணி நேரம் என்று முடிவானது. ‘கேஷுவல்’ எனப்படும், தேவைப்படும்போது அழைக்கப்படும் ஊழியருக்கும், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று நிரந்தரமாக இருக்கும் பார்ட்-டைம் ஊழியருக்கும் அதே 3 மணி நேரம்தான்.

இந்த விதி 3 மணி நேரம் வேலை வாங்கச் சொல்லவில்லை, 3 மணி நேரத்துக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. கூட்டம் இல்லை என்று ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினாலும் 3 மணி நேரக் கூலி உண்டு. நம் ஊரில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் மழை பிடித்து வேலை நின்றால், வந்தவருக்கு அரைநாள் கூலியாவது கொடுத்தனுப்பும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே நியாயம்தான். வந்ததற்கு ஒரு விலை உண்டு.

அந்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிதாக இருக்கட்டும் என்று மணிக்கு 30 டாலர் வாங்கும் ஒரு கடை ஊழியரை எடுத்துக்கொள்வோம். எண்கள் என்னுடையவை, எந்த அவார்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. வீட்டிலிருந்து கடைக்குப் போக 40 நிமிடம், திரும்பி வர 40 நிமிடம். போக்குவரத்துக்கு மொத்தம் 10 டாலர் செலவு. இவரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அழைத்தால் 30 டாலர் கிடைக்கும், 10 டாலர் பயணத்தில் போகும், மிச்சம் 20. அதற்கு அவர் செலவிட்டது 2 மணி 20 நிமிடம். மணிக்கு எட்டரை டாலருக்குச் சற்று மேல் வருகிறது. முப்பது என்று சொல்லி வேலைக்கு எடுத்த ஊழியருக்கு உண்மையில் மணிக்கு எட்டரை! அவரையே 3 மணி நேரத்துக்கு அழைத்தால் 90-ல் 10 போக 80 டாலர், செலவிட்ட நேரம் 4 மணி 20 நிமிடம், மணிக்குச் சுமார் பதினெட்டரை டாலர். பயணச் செலவும் பயண நேரமும் இரண்டிலும் ஒன்றுதான். ஷிப்ட் குறுகக் குறுக அந்த மாறாத செலவு சம்பளத்தைத் தின்கிறது.

இந்தக் கணக்கில் வராத செலவுகளும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவர் ஒரு மணி நேரத்துக்கென்று வர மாட்டார். நடுப்பகலில் ஒரு ஷிப்ட் இருந்தால் அந்த நாளில் வேறு வேலைக்கு ஒப்புக்கொள்ள முடியாது. முதலாளிக்கு இது எதுவும் கண்ணில் படாது. கூட்டம் வரும் 12 மணி முதல் 1 மணி வரை ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் போதும் என்றால், அவருடைய கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு அழைப்பதே சிக்கனம். மீதிச் செலவு ஊழியரின் தலையில். குறைந்தபட்ச ஷிப்ட் விதி அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பி முதலாளியின் கணக்கில் எழுதுகிறது. 3 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு ஆள் அழைப்பதா வேண்டாமா என்று அவர் யோசிப்பார். அழைத்தால் மற்ற இரண்டு மணி நேரத்துக்கு உருப்படியான வேலை வைத்திருப்பார்.

இப்போது டெராங் மாணவரை இதே கணக்கில் வைப்போம். பள்ளியிலிருந்து கடைக்கு நடந்து 10 நிமிடம், கடையிலிருந்து வீட்டுக்கு 10 நிமிடம். எப்படியும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வயது குறைவு என்பதால் சம்பளம் பாதி, மணிக்கு 15 டாலர் என்று கொள்வோம். ஒன்றரை மணி நேரத்துக்கு 22.50 டாலர், செலவிட்ட நேரம் 1 மணி 50 நிமிடம். மணிக்குப் பன்னிரண்டே கால் டாலர் நிற்கிறது. அதாவது சொன்ன சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவர் கையில் தங்குகிறது. 3 மணி நேர ஷிப்டில் முதலில் பார்த்த அந்தக் கடை ஊழியருக்கோ ஐந்தில் மூன்று பங்குதான் தங்கியது. விதி யாருடைய இழப்பை ஈடுகட்ட வந்ததோ அந்த இழப்பு இந்த மாணவருக்கு ஏறக்குறைய இல்லை. கடைக்காரரோ அவருடைய ஒன்றரை மணி நேர உழைப்புக்கு 45 டாலர் கொடுக்க வேண்டும், அதாவது இரட்டைச் சம்பளம். அவர் விதியை மீறவில்லை, ஆளை நிறுத்திவிட்டார். மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

சரி, உடனே விதிவிலக்கு கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமாக இல்லை. வணிகர் சங்கங்கள் 2010-ல் ஃபேர் வொர்க் ஆஸ்திரேலியா தீர்ப்பாயத்திடம் போய் மாணவர்களுக்கு எண்ணைக் குறைக்கக் கேட்டன. விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீடும் தோற்றது. கடை ஊழியர் சங்கம் சொன்ன எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாணவர் மணிக்குப் பாதிச் சம்பளத்துக்குக் கிடைப்பார், அதோடு சின்னச் சின்னத் துண்டு நேரத்துக்கும் கிடைப்பார் என்றால், பெரிய கடைகளின் மேலாளர் என்ன செய்வார்? மாலை 4 முதல் 7 வரை ஒரு பெரியவரை வைத்திருந்த இடத்தில், இரண்டு மாணவர்களை ஒன்றரை ஒன்றரை மணி நேரத்துக்கு மாற்றி மாற்றி வைப்பார். டெராங் கடைக்காக வெட்டிய வாசல் வழியே நாடு முழுவதும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் நுழையும் என்பதுதான் அச்சம்.

2011-ல் இரண்டாவது விண்ணப்பம் வந்தது. இம்முறை தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் திறந்த வாசல் குறுகலானது. ஒன்றரை மணி நேர ஷிப்ட் யாருக்கு என்றால், முழுநேரமாக உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கு மட்டும். அவர் பள்ளிக்குப் போக வேண்டிய நாளில் மட்டும். மதியம் 3 மணிக்கும் மாலை 6.30-க்கும் இடையில் மட்டும். மாணவரும் சம்மதிக்க வேண்டும், பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 3 மணி நேரம் வேலை கொடுப்பது உண்மையிலேயே சாத்தியமில்லாமல் இருக்க வேண்டும். கடை சீக்கிரம் மூடுவதாக இருக்கலாம், மாணவருக்கே நேரம் இல்லாமல் இருக்கலாம், ஏதோ ஒரு காரணம் வேண்டும். சனிக்கிழமை அதே மாணவர் அதே கடைக்கு வந்தால் பழைய 3 மணி நேர விதிதான். பள்ளி விடுமுறை நாளிலும் அப்படியே.

இந்த நிபந்தனைகளில் எது வேலை செய்கிறது என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. பெற்றோர் சம்மதம் காகிதத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் வேலை வேண்டும் என்று நிற்கும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? வேலைத்தலத்தில் சம்மதம் என்பது எப்போதும் கொஞ்சம் மெலிந்த வேலிதான். உண்மையான பூட்டு கடிகாரத்திலும் நாட்காட்டியிலும் இருக்கிறது. பள்ளி நாள், 3 முதல் 6.30 வரை என்ற எல்லையை எந்த மேலாளராலும் வளைக்க முடியாது. அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு துண்டு ஷிப்டுகளுக்கு மேல் அடைக்கவும் முடியாது. இரவு 9 மணி வரை திறந்திருக்கும் பெரிய கடைக்கு அதில் பெரிய லாபம் இல்லை, ஐந்தரைக்கு மூடும் சிற்றூர்க் கடைக்கோ அதுவே போதும். விதிவிலக்கு எந்தச் சூழ்நிலைக்காக வந்ததோ அந்தச் சூழ்நிலையின் வடிவத்திலேயே தைக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் சங்கம் விடவில்லை, நீதிமன்றம் வரை போனது. 2012-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளியது. விலக்கு நின்றது. 2010-ல் பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்த மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி, இதே பெயரில் உலவும் இன்னொரு வகை விதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வேலைக்கு வரச்சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் பாதிகூட வேலை கொடுக்காமல் அனுப்பினால், சொன்ன நேரத்தில் பாதிக்கான சம்பளம் கொடுக்க வேண்டும். அது 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 4 மணி நேரத்துக்கு மேல் போகவும் வேண்டாம். கேட்பதற்கு ஆஸ்திரேலிய விதி போலவே இருக்கிறது. ஆனால் 2012-ல் அங்கே ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வித்தியாசத்தைத் தெளிவாக்கியது. ஒரு கைபேசி நிறுவனம் தன் ஊழியர்களை விடுமுறை நாளில் ஒன்றரை மணி நேரம் வரையான ஊழியர் ஆலோசனைக் கூட்டத்துக்கு மட்டும் அழைத்து, அந்த நேரத்துக்கு மட்டும் சம்பளம் கொடுத்துவந்தது. 2 மணி நேரமாவது தர வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். கூட்டம் குறுகியது என்று முன்பே சொல்லித்தான் அழைத்தார்கள், சொன்ன நேரத்தில் பாதிக்கு மேல் நடத்தவும் செய்தார்கள். ஆகவே வாக்குத் தவறவில்லை.

கலிஃபோர்னிய விதி முதலாளி சொன்ன சொல்லை மீறும்போது மட்டும் தண்டிக்கிறது. முதலிலேயே குட்டி ஷிப்ட் என்று எழுதிவைத்து அழைத்தால் அது கண்டுகொள்ளாது. ஆஸ்திரேலிய சில்லறை விதிக்கு ஷிப்ட் முன்பே சொல்லப்பட்டதா, திடீரென்று சுருங்கியதா என்ற கவலையே இல்லை. 3 மணி நேரத்துக்குக் கீழே எழுதினாலே செல்லாது. தாங்கள் வாழும் இடத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு உண்டா என்று தேடுகிறவர்கள், இரண்டில் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு அழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆஸ்திரேலியக் கடையில் அந்தக் கூட்டத்துக்கு 3 மணி நேரக் கூலி. அதனால்தான் விவரமான மேலாளர்கள் கூட்டத்தை ஊழியரின் வழக்கமான ஷிப்டோடு ஒட்டி, தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வைக்கிறார்கள். அது ஏமாற்று இல்லை. எப்படியும் வந்திருக்கும் ஆளை எப்படியும் இருக்கும் நாளில் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் விதி எதிர்பார்த்த விளைவு.

சில்லறைக் கடையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு நாளின் வேலை நேரம் இடைவேளைகள் தவிர தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அந்த அவார்டு சொல்கிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஒருவரின் நாளைப் பிளக்க முடியாது. எனவே ஒரு நாள், ஒரு வருகை, ஒரு குறைந்தபட்சம். எல்லாத் துறைகளும் இப்படி இல்லை. மிகப் பெரிய சிக்கல் வந்த இடம் வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்பு வேலை. மெல்பர்னிலோ சிட்னியிலோ உறவினர் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்த வேலையில் இருக்கும் யாரையாவது தெரிந்திருக்கும். முதியவரைக் குளிப்பாட்டுவது, மாத்திரையை நினைவூட்டுவது, மாற்றுத்திறனாளி ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்துவது.

இந்த வேலையின் இயல்பே துண்டு துண்டானது. வாடிக்கையாளருக்குத் தேவை காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம், அல்லது ஒரு மணி நேரம். அதற்கு மேல் அந்த வீட்டில் இருந்து செய்ய ஒன்றுமில்லை. அவருக்காக அரசு ஒதுக்கும் பணமும் அந்த மணிக்கணக்கில்தான் செலவாகிறது. இந்தத் துறையின் அவார்டில் 2022 ஜூலை 1 வரை பார்ட்-டைம் ஊழியருக்குக் குறைந்தபட்ச ஷிப்ட் நேரம் என்று எதுவுமே கிடையாது. கேஷுவல் ஊழியருக்காவது ஓர் எண் இருந்தது. நிரந்தர ஊழியருக்குத்தான் இல்லை. நிரந்தரமானவருக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உறுதி இருக்கிறதே, ஒவ்வொரு ஷிப்டின் நீளம் ஏன் என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும்.

அந்தக் குறை என்ன செய்யும் என்பதை ஒரு கற்பனை நாளில் பார்ப்போம். ஒரு பார்ட்-டைம் பராமரிப்பு ஊழியருக்கு, ரோஸ்டர் எனப்படும் வேலை நேரப் பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறது: காலை 7 முதல் 8 வரை ஒரு வீடு. பகல் 12 முதல் 12.30 வரை இன்னொரு வீடு, உணவு கொடுக்க. மாலை 5.30 முதல் 6 வரை மூன்றாவது வீடு. சம்பளம் 2 மணி நேரத்துக்கு. வெளியே இருந்தது காலை 7 முதல் மாலை 6 வரை, 11 மணி நேரம். நடுவில் வீட்டுக்குப் போய் வரலாம்தான், பெட்ரோல் அவருடையது. வாரத்துக்கு 14 மணி நேரம் என்ற உறுதி அவருக்கு இருக்கலாம். அந்த 14 மணி நேரத்தை இப்படித் தூவி நிரப்பினால் வாரத்தில் ஒரு நாள்கூட அவருடையதாக மிஞ்சாது.

தேசிய அளவில் அவார்டுகளைப் பரிசீலித்த ஃபேர் வொர்க் ஆணையம் 2021-ல் இதில் முடிவெடுத்தது. முடிவு 2022 ஜூலையில் அமலானது. வீட்டுப் பராமரிப்பிலும் மாற்றுத்திறனாளிகள் சேவையிலும் பார்ட்-டைம், கேஷுவல் இருவருக்கும் 2 மணி நேரம். சமூகநலப் பணிகளுக்கு 3 மணி நேரம். முக்கியமான வரி அதற்கு அடுத்ததுதான்: நாளைப் பிளந்து வேலை கொடுத்தால், பிளந்த ஒவ்வொரு பகுதிக்கும் அந்த 2 மணி நேரம் தனித்தனியாகப் பொருந்தும். இது இல்லாமல் வெறுமனே ‘நாளுக்கு 2 மணி நேரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், மேலே சொன்ன கற்பனை நாள் அப்படியே சட்டப்படி சரியாகியிருக்கும். மூன்று துண்டும் சேர்ந்து 2 மணி நேரம் வந்துவிடுகிறதே! குறைந்தபட்ச ஷிப்ட் விதியை எழுதும் யாரும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். எண் எவ்வளவு என்று மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, எதற்கு அந்த எண் என்பதைக் கவனிக்காமல் விடுவது நடக்கக்கூடியது.

புதிய விதிப்படி அந்த மூன்று துண்டு நாளுக்கு 6 மணி நேரச் சம்பளம். அதோடு நாளைப் பிளந்ததற்கென்று தனிப் படி. ஒரு இடைவெளி என்றால் ஒரு தொகை, இரண்டு இடைவெளி என்றால் அதைவிட அதிகம், இரண்டாவது இடைவெளிக்கு ஊழியர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். முதல் தொடக்கத்திலிருந்து கடைசி முடிவு வரை 12 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொலைபேசியிலோ கணினியிலோ வீட்டிலிருந்தே முடிக்கும் வேலைக்கு மட்டும் இதைவிடச் சிறிய, தனிக் குறைந்தபட்சம் வைத்தார்கள். பயணமே இல்லாத வேலைக்குப் பயணத்தை ஈடுகட்டும் எண் தேவையில்லை என்பது டெராங்கில் பார்த்த அதே தர்க்கம்தான்.

2 மணி நேர வேலைக்கு எந்த நிறுவனமும் 6 மணி நேரச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்காது. ரோஸ்டரை மாற்றும். ஒரே பகுதியில் இருக்கும் வீடுகளைச் சேர்த்து, காலை 7 முதல் 9.30 வரை மூன்று வீடுகள் என்று ஒரு தொடராக்கும். ஊழியருக்கு அது நல்ல நாள். நல்ல திட்டமிடல் இருந்தால் நிறுவனத்துக்கும் நஷ்டம் குறைவு. வாடிக்கையாளர் மூவரும் காலை 7 மணிக்கு எழுபவர்கள் என்பதுதான் இங்கே இடிக்கிறது. யாரோ ஒருவர் எட்டே முக்கால் வரை படுக்கையில் காத்திருக்க வேண்டும். மூவருக்கும் ஏழு மணிக்கே ஆள் வேண்டுமென்றால் மூன்று ஊழியர்கள் வேண்டும், ஒவ்வொருவருக்கும் 2 மணி நேரம் நிரப்ப வேறு வேலை வேண்டும். பக்கத்து வீடு என்பதே 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டுப்புறப் பகுதியில் இப்படிச் சேர்ப்பது இன்னும் கடினம். ஊழியரின் தலையிலிருந்து இறக்கிய செலவு காணாமல் போவதில்லை. அது நிறுவனத்துக்கும், நிதி கொடுக்கும் அரசுக்கும், காத்திருக்கும் முதியவருக்கும் பங்காகப் போகிறது. என் கணிப்பில் அது இப்படிப் பகிரப்படுவதே நியாயம். நாள் முழுவதும் காரில் அலைந்து இரண்டு மணி நேரச் சம்பளம் வாங்கும் ஒருவர்மேல் முழுவதையும் சுமத்தியதைவிட இது மேல். ஆனால் பங்கு போனது என்பதையே மறைத்து, விதி யாருக்கும் செலவு வைக்காது என்று பேசுகிறவர்களை நம்ப வேண்டியதில்லை.

துப்புரவுத் துறை அவார்டில் இதே பிரச்சினைக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான தீர்வு இருக்கிறது. அங்கே குறைந்தபட்ச நேரம், சுத்தம் செய்யும் கட்டடத்தின் பரப்பளவைப் பொறுத்து ஏறும். சின்ன வங்கிக் கிளையைத் துடைக்க வருபவருக்குச் சிறிய எண், பெரிய கட்டடத்துக்குப் பெரிய எண். வேலையின் அளவை முதலாளி பொய்யாகச் சொல்ல முடியாத ஒரு பொருளோடு எண்ணைக் கட்டிவிட்டார்கள். டெராங்கில் பள்ளி நாளும் கடிகாரமும் செய்ததை இங்கே சதுர மீட்டர் செய்கிறது.

இனி, விதி இருந்தும் பயனில்லாமல் போகும் இடத்தை எப்படிக் கண்டுகொள்வது? ஒரு மாத ரோஸ்டரை எடுத்து ஷிப்ட் நீளங்களை எண்ணிப் பார்த்தால் போதும். சில்லறைக் கடையில் 4, 5, 6 மணி நேர ஷிப்டுகள் கலந்து இருந்தால் வேலையின் தேவைதான் நீளத்தை முடிவுசெய்கிறது. ஏறக்குறைய எல்லா ஷிப்டும் சரியாக 3 மணி நேரத்தில் வந்து நிற்கிறது என்றால், தரையாக வைத்த எண் கூரையாகிவிட்டது. முன்பு 5 மணி நேரம் வேலை பார்த்தவர்களை 3-க்குச் சுருக்கி, ஆள் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். விதி ஒரு ஷிப்டின் நீளத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வாரத்தில் எத்தனை ஷிப்ட் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வாரத்துக்கு ஒரே ஒரு 3 மணி நேர ஷிப்ட் கொடுத்தாலும் கேஷுவல் ஊழியர் விஷயத்தில் விதி மீறப்படவில்லை. பார்ட்-டைம் ஊழியருக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் பிடிமானம் உண்டு. எந்த நாட்கள், எத்தனை மணி நேரம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்பதை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சில்லறை அவார்டு சொல்கிறது. குறைந்தபட்ச ஷிப்டும் அந்தக் காகிதமும் சேர்ந்தால்தான் நிலையான வருமானம். ஒன்று மட்டும் இருந்தால் பாதி.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. ரோஸ்டரில் 5 முதல் 8 வரை என்று இருக்கும், கூட்டமில்லை என்று 6.30-க்கு அனுப்பியிருப்பார்கள், ‘நீயாகத்தானே சீக்கிரம் போகிறேன் என்றாய்’ என்று ஒன்றரை மணி நேரம் மட்டும் சீட்டில் ஏறியிருக்கும். ஊழியர் தானாகக் கேட்டுப் போனால் நிலைமை வேறுதான். அதனாலேயே ‘தானாகக் கேட்டது’ என்பது வசதியான சாக்காக மாறுகிறது. ‘இன்னைக்கு டல்லா இருக்கு, கிளம்பணும்னா கிளம்பு’ என்று மேலாளர் சொல்வது கேள்வியா, உத்தரவா? இளம் ஊழியர் பெரும்பாலும் உத்தரவாகவே எடுத்துக்கொள்வார், சீட்டில் அது விருப்பமாகப் பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு பேர், எல்லாரும் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைகளிலேயே, எல்லாரும் 6.30-க்கே விருப்பப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தால், வருகைப் பதிவேட்டையும் அன்றைய விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.